பச்சை அடிமைகள்

1. ரைன்ஃபெல்டனில் ஒரு குண்டு

1867, செப்டம்பர் மாதம். ரைன் நதிக்கரையில் ரைன்ஃபெல்டன் என்ற சிற்றூர். சுவிட்சர்லாந்தின் இயற்கை அறிவியலாளர்கள் ஆண்டுக் கூட்டத்துக்காக அங்கே கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஸைமன் ஷ்வெண்டெனர் எழுந்து பேசினார். வயது 38. பூக்ஸ் என்ற கிராமத்து விவசாயியின் மகன். மியூனிக் நகரில் நேகெலி என்ற பெரிய தாவரவியலாளரிடம் உதவியாளராக இருந்து, நுண்ணோக்கியின் முன்னே வருடக்கணக்கில் உட்கார்ந்தவர். அந்த ஆண்டுதான் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆகியிருந்தார்.

அவர் நீளமாகப் பேசவில்லை. சொன்னதன் சாரம் இதுதான்: லைக்கன் என்று நாம் அழைக்கும் தாவரம் ஒரு தாவரமே அல்ல. அது ஒரு பூஞ்சை. தனக்குள்ளே பாசிகளைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதில் அதிர்ச்சி அடைய என்ன இருக்கிறது என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். பள்ளிப் பாடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் அன்றைய நிலைமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல், மஞ்சள், பச்சை நிறங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் லைக்கன்களைச் சேகரித்து, பெயர் வைத்து, அலமாரிகளில் அடுக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் ஐரோப்பா முழுவதும் இருந்தார்கள். செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கும்போது போடுகிறோமே கல்பாசி, அதுவும் இந்த வகையறாதான். இவற்றுக்கென்று தனி வகுப்பு, தனி நிபுணர்கள், தனி நூல்கள். பூஞ்சைக்காரர்கள் ஒரு பக்கம், பாசிக்காரர்கள் இன்னொரு பக்கம், நடுவில் லைக்கன்காரர்கள். ஷ்வெண்டெனரின் வாக்கியம் உண்மையானால், அந்த நடு ராஜ்யமே இல்லை!

லைக்கனை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு பொருள்கள் தெரியும். நிறமற்ற நூல் போன்ற இழைகள் ஒன்று. அந்த இழைகளுக்கு நடுவே, மேல்தோலுக்குச் சற்றுக் கீழே, ஓர் அடுக்காகப் பச்சை உருண்டைகள். அந்த உருண்டைகளுக்கு கொனிடியா என்று 1825-இல் வால்ரோத் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்திருந்தார். அவை லைக்கனின் உறுப்புகள், இழைகளின் நுனியில் முளைத்துப் பழுப்பவை என்பதே பெரும்பாலோருடைய நம்பிக்கை. இழையின் நுனி பச்சை உருண்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காட்சி அப்படித்தான் நினைக்க வைக்கும். ஷ்வெண்டெனரும் அதையே நம்பியவர்தான். 1860-களில் லைக்கன் உடலமைப்பைப் பற்றி அவர் வெளியிட்ட விரிவான ஆய்வுகளில், உருண்டைகள் இழையிலிருந்து பிறப்பதாகவே எழுதியிருக்கிறார்.

பிறகு ஏன் மாறினார்? நிறமற்ற இழை நுனி ஒன்று பருத்து, மெல்ல மெல்லப் பச்சையாகும் இடைநிலையை அவரால் எங்குமே உறுதியாகக் காண முடியவில்லை. உருண்டைகளோ தங்களுக்குள்ளேயே பிரிந்து பெருகிக்கொண்டிருந்தன. இன்னொன்று: ஒவ்வொரு லைக்கனில் இருந்த உருண்டைக்கும், குளத்திலோ ஈரமண்ணிலோ மரப்பட்டையிலோ தனியாக வாழும் ஏதோ ஒரு பாசியின் முகஜாடை இருந்தது. சிலவற்றில் நாஸ்டாக் என்ற நீலப்பசும்பாசியின் மணிச்சரம் அப்படியே இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. அதே 1867-இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஃபாமின்ட்ஸின், பரனெட்ஸ்கி என்ற இருவர் இந்த மர்மத்தின் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார்கள். சாந்தோரியா பரியெடினா என்று ஒரு லைக்கன். ஐரோப்பாவில் பழைய சுவர்களிலும் ஓட்டுக் கூரைகளிலும் ஆரஞ்சு மஞ்சளாக வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும். அதை எடுத்து, இழைகள் அழுகி நீங்கும்வரை ஈரத்தில் வைத்தார்கள். பச்சை உருண்டைகள் சாகவில்லை, தனியாகவே வளர்ந்தன. வளர்ந்தது மட்டுமா? ஒவ்வோர் உருண்டையும் வெடித்து, இரண்டு வால்களை ஆட்டிக்கொண்டு நீந்தும் நுண்ணிய வித்துகளை வெளியே விட்டது. சாதாரணப் பாசிகள் செய்யும் வேலை அது. லைக்கனுக்குள் இருக்கும்வரை யாரும் பார்த்திராத வேலை.

இதைப் பார்த்த பிறகு அவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? லைக்கனின் உறுப்புக்குத் தனியாக வாழும் திறன் உண்டு. ஆகவே இதுவரை தனிப் பாசி என்று நினைத்த சில உயிர்கள் உண்மையில் லைக்கனின் ஒரு பருவமாக இருக்கலாம் என்று! கண்ணெதிரே விடுதலையான கைதி ஓடுகிறான். இவர்கள் அவனை வீட்டுப் பிள்ளை என்கிறார்கள்.

1869-இல் ஷ்வெண்டெனர் தன் வாதத்தைப் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார். எந்த லைக்கனில் எந்தப் பாசி என்று வகைவகையாகப் பொருத்திக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உவமை ஒன்றும் சொன்னார். பூஞ்சை எஜமான், பிறர் உழைப்பில் வாழப் பழகிய ஒட்டுண்ணி. பாசிகள் அதன் பச்சை அடிமைகள். சிலந்தி இரையைச் சுற்றி வலை பின்னுவது போலப் பூஞ்சை பாசிகளைச் சுற்றிப் பின்னுகிறது. சிலந்தி இரையைக் கொன்றுவிடும், பூஞ்சையோ அடிமைகளை இன்னும் சுறுசுறுப்பாக உழைக்கத் தூண்டிவிடுகிறது என்று எழுதினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து நாலே வருடம் ஆகியிருந்த காலம். எஜமான், அடிமை என்ற சொற்கள் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அடங்கியிருக்குமா?

லண்டனிலிருந்து ஏளனம் வந்தது. ஜேம்ஸ் க்ரோம்பி என்ற பாதிரியார், அவரும் லைக்கன் நிபுணர்தான், சிறைப்பட்ட பாசிக் கன்னிக்கும் கொடுங்கோலன் பூஞ்சைக்கும் முறைகேடான கல்யாணம் நடத்தி வைக்கும் பரபரப்பு நாவல் இது என்று 1874-இல் எழுதினார். பாரிஸில் இன்னும் பெரிய எதிரி ஒருவர் இருந்தார். வில்லியம் நைலாண்டர். பின்லாந்துக்காரர். ஹெல்சிங்கியில் பேராசிரியர் பதவியை விட்டுவிட்டுப் பாரிஸில் குடியேறியவர். லைக்கன் மேல் ஒரு சொட்டு அயோடின் கரைசல், ஒரு சொட்டு பொட்டாஷ், ஒரு சொட்டு சலவைத்தூள் கரைசல் விட்டு நிறமாற்றத்தைப் பார்த்து இனத்தைச் சொல்லும் முறையைப் புகுத்தியவர். இன்றும் லைக்கன் ஆய்வாளர் பையில் இந்தச் சொட்டுப் புட்டிகள் இருக்கின்றன. லக்ஸம்பர்க் பூங்காவில் லைக்கன்கள் இருப்பதையும் இல்லாததையும் வைத்து நகரக் காற்றின் தரத்தைக் கணக்கிடலாம் என்று 1866-லேயே சொன்னவர். உலகில் அவரளவு லைக்கன்களைப் பார்த்த கண்கள் அன்று குறைவு. அவர் ஷ்வெண்டெனரின் கொள்கையைக் கடைசிவரை ஏற்கவில்லை. 1899-இல் சாகும்வரை.

நைலாண்டரை முட்டாள் என்று சொல்லிக் கடந்துபோக நான் தயாரில்லை. அவர் தரப்பில் ஒரு நியாயமான சவால் இருந்தது. முகஜாடையை வைத்து உறவு சொல்வது சாட்சியம் ஆகுமா? இரண்டு உயிர்கள் சேர்ந்தது லைக்கன் என்றால், இரண்டையும் தனித்தனியே எடுத்து வந்து, சேர்த்து வைத்து, ஒரு லைக்கனை உண்டாக்கிக் காட்ட வேண்டாமா?

அதை யார் செய்வது? பூஞ்சையின் வித்து தூசியை விடச் சிறிது. ஈரக் கண்ணாடியில் வைத்தால் முளைக்கும். முளைத்துச் சில நாள்களில் பட்டினியால் செத்துப்போகும்.

(தொடரும்)

2. ஒரே மூச்சில் வீசப்பட்டவை

முதல் அடியை எடுத்து வைத்தவர் ரீஸ் என்ற ஜெர்மானியர். 1871. கொல்லீமா என்ற கூழ் போன்ற கறுப்பு லைக்கனின் வித்துகளை எடுத்து, தனியாக வாழ்ந்துகொண்டிருந்த நாஸ்டாக் பாசியின் மேல் தூவினார். முளைத்த இழைகளில் சில நாஸ்டாக் கூழுக்குள் நுழைந்து கிளைவிட்டன. கூழ் மெல்ல மெல்லக் கொல்லீமாவின் தோற்றத்தைப் பெற்றது. பாசி கிடைக்காத முளைகள் மடிந்தன. ஆனால் அவருடைய லைக்கன் கனி விடவில்லை. எதிர்த் தரப்புக்கு அந்த ஓட்டை போதுமாக இருந்தது.

1873-இல் பிரான்ஸின் எதுவார்த் போர்னே அறுபது போல லைக்கன் பேரினங்களை எடுத்துக்கொண்டு, இழை பாசியைத் தேடிப் போய்த் தொடுகிறதே தவிரப் பாசி இழையிலிருந்து பிறப்பதில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நம்முடைய ஆரஞ்சு சாந்தோரியாவின் வித்துகளையும் பச்சைப் பாசியோடு சேர்த்து வைத்து, முளை இழை பாசியைச் சுற்றிக்கொள்வதைப் பார்த்தார். சுற்றிக்கொண்டதோடு சரி.

கடைசியில் பூட்டைத் திறந்தவர் எர்ன்ஸ்ட் ஷ்டால். ஆண்டு 1877. அவர் தேர்ந்தெடுத்த லைக்கனில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எண்டோகார்பான் புசில்லம் என்பது களிமண் தரையில் வளரும் சின்னஞ்சிறு செதில். மற்ற லைக்கன்களிலிருந்து இதற்கு ஒரு வித்தியாசம். இதன் வித்துப் பைகளுக்கு இடையிலேயே குட்டிக் குட்டிப் பாசி உயிரணுக்கள் வளர்கின்றன. வித்து வெளியே வீசப்படும்போது அந்தப் பாசிகளும் கூடவே வீசப்படுகின்றன. மகளைப் புக்ககம் அனுப்பும்போது அரிசி மூட்டையையும் வண்டியில் ஏற்றுகிற மாதிரி.

ஷ்டால் அதன் கனியின் எதிரே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார். வித்துகள் வந்து விழுந்தன. அவற்றைச் சுற்றிப் பாசிகளும். வித்து முளைத்தது, முளை இழைகள் பக்கத்திலிருந்த பாசிகளைத் தழுவிக்கொண்டன, தழுவப்பட்ட பாசிகள் பருத்துப் பச்சை கூடின. அவற்றைப் பிறகு களிமண் மேல் மாற்றினார். அங்கே அவை செதிலாக வளர்ந்து, கனியும் விட்டன. வித்திலிருந்து வித்துவரை முழு வட்டம்.

இதற்கும் நைலாண்டர் தரப்பில் பதில் இருந்திருக்கும்: ‘ஒரே தாயின் வயிற்றிலிருந்து வந்த இரண்டு உறுப்புகள் மறுபடி ஒட்டிக்கொண்டன, அவ்வளவுதானே!’ அந்த வாயை அடைக்கும் காரியத்தையும் ஷ்டால் செய்துவைத்திருந்தார். தெலிடியம் என்று வேறொரு லைக்கன். அதன் வித்துகளை எடுத்து, எண்டோகார்பானின் பாசியோடு சேர்த்து வளர்த்தார். வந்தது தெலிடியம். ஒரு லைக்கனின் ‘உறுப்பு’ இன்னொரு லைக்கனின் உடம்பைக் கட்ட உதவியது. உறுப்பு என்று இனி எப்படிச் சொல்வது? உருவத்தைத் தீர்மானிப்பது பூஞ்சை என்பதும் அதோடு தெரிந்துபோயிற்று.

ஆனால் எண்டோகார்பான் போல மூட்டை கட்டி அனுப்பும் லைக்கன்கள் மிகச் சில. சாந்தோரியாவின் வித்து வெறுங்கையோடுதான் கிளம்புகிறது. அதற்குத் தேவையான பாசி ட்ரெபூக்ஸியா என்ற வகை. மரப்பட்டையெங்கும் பச்சையாகப் படிந்திருக்கும் சாதாரணப் பாசி அதற்கு ஆகாது. ட்ரெபூக்ஸியாவோ தனியாக வெளியில் அதிகம் கிடைப்பதில்லை. அப்படியானால் ஐரோப்பாவின் ஒவ்வொரு சுவரிலும் சாந்தோரியா எப்படி?

இதற்கு விடை வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1987-இல் ஜெர்மனியின் ஸீக்லிண்டே ஓட், இயற்கையில் சாந்தோரியாவின் முளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். சரியான பாசி கிடைக்காத முளை, கையில் அகப்பட்ட வேறு பாசியைச் சுற்றிக்கொண்டு, லைக்கனாக வளராமல், உயிரை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு காத்திருந்தது. வேறு சில முளைகள் அதைவிடத் துணிச்சலானவை. பக்கத்தில் பிஸ்கியா என்ற லைக்கன் உதிர்த்த பொடித்துகள்களுக்குள் புகுந்து, அங்கிருந்த ட்ரெபூக்ஸியாவைத் தமதாக்கிக்கொண்டன. திருட்டு என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? 2002-இல் இன்னொரு வழியும் தெரியவந்தது. சாந்தோரியாவை மேய்கிற, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிலந்திப்பேன் வகைச் சிற்றுயிர்களின் எச்சத்தில், பூஞ்சை வித்தும் ட்ரெபூக்ஸியாவும் சேர்ந்தே உயிரோடு இருந்தன. தின்றவன் வயிற்றுக்குள் இருவரும் ஒன்றாகப் பயணம் செய்து, வேறொரு சுவரில் ஒன்றாக இறங்குகிறார்கள்.

திரும்பவும் பழைய கதைக்கு. ஷ்டாலின் குரு ஆன்டன் டி பாரி. 1878-இல் ஜெர்மனியின் காஸெல் நகரில் அவர் ஓர் உரை ஆற்றினார். வெவ்வேறு இன உயிர்கள் சேர்ந்து வாழ்வதையெல்லாம் குறிக்க, சிம்பயோஸிஸ் என்ற சொல்லை முன்வைத்தார். அவருடைய முதன்மையான உதாரணங்களில் ஒன்று லைக்கன். அவர் அந்தச் சொல்லுக்குள் ஒட்டுண்ணி வாழ்வையும் சேர்த்தே வைத்திருந்தார். சேர்ந்து வாழ்வது என்பதற்கு மேல் அவர் எதையும் தீர்ப்பளிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் அதை ‘இருவருக்கும் லாபம்’ என்று சுருக்கிவிட்டார்கள். பாடப்புத்தகத்தில் பூஞ்சையும் பாசியும் கைகோர்த்து நிற்கும் படம் அப்போது பிறந்தது.

கைகோர்த்தா, கைவிலங்கோடா? யாரிடமிருந்து யாருக்கு என்ன போகிறது என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்கவும் முடியாது. இரண்டு உயிர்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில், சில மைக்ரான் தூரத்தில் நடக்கும் கொடுக்கல் வாங்கலை எந்தத் தராசில் நிறுப்பது?

தராசு கிடைக்க எண்பத்தைந்து வருடங்கள் ஆயின. அது கதிர்வீச்சு உமிழும் தராசு.

(தொடரும்)

3. வரவு – செலவு

1960-களின் ஆக்ஸ்ஃபோர்ட். டேவிட் ஸ்மித் என்ற ஆய்வாளர் பெல்டிஜெரா என்ற லைக்கனைக் கையில் எடுத்தார். அகலமான மடல்கள், உள்ளே நாஸ்டாக். தக்கையில் துளையிடும் கருவியால் அதிலிருந்து ஒரே அளவான சின்ன வட்டத் துண்டுகளை வெட்டி, கதிரியக்கக் கார்பன் கலந்த பைகார்பனேட் கரைசலில் மிதக்கவிட்டு, வெளிச்சத்தில் வைத்தார். ஒளிச்சேர்க்கை செய்வது பாசி மட்டுமே. அது தயாரிக்கும் சர்க்கரையில் இந்தக் கதிரியக்க முத்திரை விழும். அப்புறம் அந்த முத்திரை எங்கெங்கே போகிறது என்று பார்த்தால் போதும்.

சில நிமிடங்களில் முத்திரை பூஞ்சையில் இருந்தது. ஆனால் மானிட்டால் என்ற வடிவத்தில். அது பூஞ்சை தானே உண்டாக்கி வைத்துக்கொள்ளும் பொருள். பாசி கொடுத்தது எது? கொடுத்த மறுகணமே பூஞ்சை அதை உருமாற்றிவிடுவதால் சரக்கு கைமாறும் கணத்தைப் பிடிக்க முடியவில்லை.

ஸ்மித் குழுவின் தந்திரம் அழகானது. கரைசலில் முத்திரையில்லாத சாதாரண குளுக்கோஸை ஏராளமாகக் கொட்டினார்கள். பூஞ்சை வாய் நிறைய அதை உறிஞ்சுவதில் மும்முரமாகிவிட்டது. பாசியிடமிருந்து வந்த முத்திரையிட்ட சரக்கை வாங்க ஆளில்லை. அது வழிந்து வெளியே கரைசலில் சேர்ந்தது. எடுத்துப் பார்த்தால் குளுக்கோஸ். பெல்டிஜெராவில் பாசி கொடுப்பது குளுக்கோஸ், பூஞ்சை அதை மானிட்டாலாக மாற்றிப் பூட்டி வைக்கிறது என்பது உறுதியானது. சாந்தோரியா வகையில் இதே சோதனையைச் செய்தபோது குளுக்கோஸ் வெள்ளம் வேலை செய்யவில்லை. ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலைக் கொட்டியபோதுதான் சரக்கு வழிந்தது. ட்ரெபூக்ஸியாவின் நாணயம் அது.

இதுவரை பூஞ்சையின் வரவு. பாசி தயாரிப்பதில் பெரும்பகுதி இப்படிப் போய்விடுகிறது. நாஸ்டாக் உள்ள லைக்கனில் இன்னொரு வரவும் உண்டு. நாஸ்டாக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக்கும். அதிலும் பெரும்பங்கு பூஞ்சைக்கே. பெல்டிஜெராவின் ஓர் இனத்தில் மடல் முழுவதும் பச்சைப் பாசியும், மேலே கரும்புள்ளிகளாகத் தனித்தனிக் கூடுகளில் நாஸ்டாக்கும் இருக்கின்றன. சர்க்கரைக்கு ஒருவர், உரத்துக்கு ஒருவர்.

ஸ்மித்தின் சோதனைகளில் இன்னும் சங்கடமான ஒன்று வெளிப்பட்டது. பாசியை லைக்கனிலிருந்து பிரித்துத் தனியே வைத்தால், ஓரிரு நாள்களில் அது சர்க்கரை கசியவிடுவதை நிறுத்திக்கொள்கிறது. தான் தயாரித்ததைத் தானே வைத்துக்கொண்டு வளர்கிறது. கசிவு அதன் சுபாவம் அல்ல. பூஞ்சையின் அணைப்பில் இருக்கும்வரை மட்டுமே நடக்கும் காரியம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருவர் பார்த்ததையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே வந்தால் நீந்தும் வித்துகளை விடும் ட்ரெபூக்ஸியா, உள்ளே இருக்கும்போது அதைச் செய்வதில்லை. வளர்ச்சி மந்தம். லைக்கன் உடம்பில் பாசியின் பங்கு பெரும்பாலும் பத்தில் ஒன்றுகூட இராது. ஷ்வெண்டெனரின் ‘அடிமை’ அவ்வளவு மோசமான உவமையா?

அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் வெர்னன் அஹ்மட்ஜியன் அந்த உவமையின் பக்கமே நின்றார். சிவப்புத் தொப்பி போட்ட சிப்பாய்கள் போன்ற கிளாடோனியா லைக்கனைப் பிரித்து, ஆய்வுக்கூடத்தில் மறுபடி சேர்த்துப் பார்த்தவர் அவர். தட்டில் ஊட்டச்சத்தை நிறையக் கொடுத்தால் பூஞ்சை தன்பாட்டுக்கு வளர்ந்தது, பாசி தன்பாட்டுக்கு வளர்ந்தது. இரண்டையும் பட்டினி போட்டு, நனைப்பதும் மெல்லக் காயவிடுவதுமாக வைத்தால்தான் லைக்கன் உருவாகத் தொடங்கியது. தவிர, சேரும் முயற்சியில் பொருந்தாத பாசிகளைப் பூஞ்சை கொன்றது. பொருந்தியவையிலும் சில மடிந்தன. இது அடக்கி வைக்கப்பட்ட ஒட்டுண்ணித்தனம் என்பது அவர் முடிவு.

அஹ்மட்ஜியனின் சோதனைகள் சரி. ஆனால் கணக்கை எங்கே உட்கார்ந்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஊட்டக் கரைசலும் மிதமான விளக்கும் உள்ள கண்ணாடிக் குடுவையில் பாசிக்குப் பூஞ்சை வெறும் செலவு. அதே பாசியை ஒரு கோடைகால ஓட்டுக் கூரையில் வைத்துப் பாருங்கள்.

சாந்தோரியாவின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம் பரியெடின் என்ற சாயம். பூஞ்சை அதைத் தயாரித்து, பாசி அடுக்குக்கு மேலேயுள்ள தோலில் நுண்படிகங்களாகப் படியவைக்கிறது. வெயிலில் வளரும் சாந்தோரியா பளிச்சென்ற ஆரஞ்சு. நிழலில் வளர்வது மங்கிய பச்சைச் சாம்பல். நார்வே நாட்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். காய்ந்த லைக்கனை அசிட்டோனில் அலசினால் இந்தச் சாயம் கழன்றுவிடும். காய்ந்த நிலையில் பூஞ்சையோ பாசியோ அதனால் சாவதில்லை. அப்படிச் சாயம் போன சாந்தோரியாவையும் சாயமுள்ளதையும் பலத்த வெளிச்சத்தில் வைத்தார்கள். சாயம் போனதில் பாசியின் ஒளிச்சேர்க்கை கூடுதலாகப் பழுதுபட்டது. பரியெடின் நீல ஒளியை வடிகட்டும் திரை. அதற்கான கச்சாப் பொருளும் பாசி கொடுத்த கார்பன்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அடுத்து, காய்வது. லைக்கன் மொறுமொறுப்பாகக் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், மழை பட்டதும் சில நிமிடங்களில் உயிர் பெறும் என்பது பலருக்குத் தெரியும். அந்தத் திறமை யாருடையது? 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இல்ஸ கிரானரும் கூட்டாளிகளும் கிளாடோனியா இனம் ஒன்றின் பூஞ்சையைத் தனியாகவும், பாசியைத் தனியாகவும், இரண்டும் சேர்ந்த லைக்கனையும் உலர்த்தி நனைத்துப் பார்த்தார்கள். உலரும்போது உயிரணுக்களுக்குள் ஆக்ஸிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகள் பெருகிக் கேடு செய்யும். தனியாக இருந்தபோது பூஞ்சைக்கும் சேதம், பாசிக்கும் சேதம். சேர்ந்திருந்தபோது இருவருடைய தற்காப்பும் கூடியிருந்தது. ஒருவர் அருகில் இருப்பதே மற்றவரின் காப்பு ஏற்பாட்டை முடுக்கிவிடுகிறது. இருவர் கையெழுத்தும் உள்ள வரவு இது.

சுரிச் நகரின் ரோஸ்மரி ஹோனெகர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னது இதற்கெல்லாம் சிகரம். சாந்தோரியா போன்ற லைக்கன்களில் பூஞ்சை பாசியின் உயிரணுவைக் குத்திக் கிழிப்பதில்லை; சுவரை அழுத்தி ஒட்டிக்கொள்வதோடு நிற்கிறது. பூஞ்சை சுரக்கும் நீர் ஒட்டாத புரதப் படலம் ஒன்று இழையின் மேலும் பாசியின் மேலும் ஒரே போர்வையாகப் படர்கிறது. விளைவு: தண்ணீரும் அதில் கரைந்த சத்துகளும் போர்வைக்கு அடியில், சுவர் வழியாக மட்டுமே இருவருக்குமிடையே ஓடுகின்றன. வெளியே காற்றறைகள் காய்ந்தே இருக்கின்றன. லைக்கன் முழுக்க நனைந்திருக்கும்போதும் பாசிக்குக் கரியமில வாயு தடையின்றிக் கிடைப்பது இதனால்தான். தனிப் பாசியாக அந்தக் கூரையில் இருந்தால் மழையில் நீர்ப்படலம் மூச்சை அடைக்கும், வெயிலில் தோல் கருகும்.

ஆக, பூஞ்சைக்கு உணவு. அது இல்லாமல் இயற்கையில் அதற்கு வாழ்வே இல்லை. ஆல்ஃபிரட் மோலர் 1887-லேயே லைக்கன் பூஞ்சைகளை ஊட்டக் கரைசலில் தனியாக வளர்த்துக் காட்டினார். வளர்ந்தது உருவமில்லாத ஒரு கட்டி. மடல் இல்லை, தோல் இல்லை. பாசி வந்தால்தான் பூஞ்சை வீடு கட்டத் தொடங்குகிறது. பாசிக்கோ தனி உயிரணுவாகப் பார்த்தால் இழப்பு அதிகம், இனமாகப் பார்த்தால் லாபம்: வெளியே எங்கோ சில இடங்களில் அரிதாகக் கிடக்கும் ட்ரெபூக்ஸியாவை ஆல்ப்ஸ் பாறையிலிருந்து அண்டார்ட்டிக் கரைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது பூஞ்சைதான்.

இரண்டே பேர் உள்ள கூட்டு. கணக்கு முடிந்தது என்று இருபத்தொன்றாம் நூற்றாண்டில் எல்லோரும் பேனாவை மூடி வைத்தார்கள்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலக் காடுகளில் மரக்கிளைகளிலிருந்து தலைமுடி போலத் தொங்கும் இரண்டு லைக்கன்கள் உண்டு. ஒன்று பழுப்பு நிறம். அந்தப் பகுதியின் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குழியில் அவித்துச் சாப்பிடுவது. இன்னொன்று மஞ்சள் சாயல் உள்ளது. அதில் வல்பினிக் அமிலம் என்ற நஞ்சு. ஸ்காண்டிநேவியாவில் ஓநாய்களைக் கொல்ல இறைச்சியில் வைத்த லைக்கனில் இருப்பதும் அதே நஞ்சுதான். மொன்டானா லைக்கன்கள் இரண்டும் வெவ்வேறு இனம் என்று யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பூஞ்சை ஒன்றே. இரண்டிலும் பாசியும் ஒன்றே. அப்படியானால் ஒன்று சோறாகவும் மற்றது நஞ்சாகவும் இருப்பது எப்படி? டோபி ஸ்ப்ரிபில் என்ற ஆய்வாளர் மறுபடி மரபணுக் குவியலைக் கிளறினார். இம்முறை பூஞ்சையையும் பாசியையும் மட்டும் தேடாமல், எது இருக்கிறதோ அதையெல்லாம் தேடினார். 2016-இல் உலகமே திரும்பிப் பார்த்த பதில் கிடைத்தது.

லைக்கனின் மேல்தோலுக்குள், நூற்றைம்பது வருடமாக ஷ்வெண்டெனரிலிருந்து ஹோனெகர்வரை எல்லோர் கண்ணுக்கும் தப்பி, மூன்றாவது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

(தொடரும்)